ஸ்கேன் பண்ணினா என்ன வரும்?

ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்தவர் கையில் ஒரு பில் இருக்கும். அதன் அடியில் கறுப்புக் கட்டங்களாக ஒரு க்யூஆர் கோடு, பக்கத்தில் ‘மேலும் விவரங்களுக்கு ஸ்கேன் செய்யவும்’ என்று ஒரு வரி. அந்தக் கோடைப் படித்தால் அவருடைய ரிப்போர்ட்டே செல்போனில் வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் அவர் சாயங்காலம் ஆட்டோ பிடித்து வந்து, கவுன்டர் முன்னால் நின்று, காகித ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டுதான் போவார். ‘வயசானவங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியுது’ என்பார் கவுன்டரில் இருப்பவர். காலையில் அதே பெரியவர் அதே கவுன்டரில் இன்னொரு கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டியது அவர் நினைவில் இருக்காது.

பெரியவருக்கு ஸ்கேன் செய்யத் தெரியும். பில்லில் இருக்கிற கோடைத் திறந்தால் தன் ரிப்போர்ட் வரும் என்பதுதான் தெரியாது. ‘மேலும் விவரங்கள்’ என்றால் நிலையத்தின் விளம்பரமாக இருக்கலாம், கிளைகளின் முகவரியாக இருக்கலாம், ‘முழு உடல் பரிசோதனை சலுகை விலையில்’ என்ற நோட்டீஸாகவும் இருக்கலாம். அதற்காக யார் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனைத் திறப்பார்கள்?

இந்தக் கோடு பிறந்த இடத்தில் அதற்குப் பக்கத்தில் வரியே தேவைப்படவில்லை. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹாராவும் அவருடன் இருந்தவர்களும் இதை உருவாக்கியது கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க. படிக்கிறவர் தொழிற்சாலை ஊழியர். எதைப் படிக்கிறோம், எதற்குப் படிக்கிறோம் என்பது அவருடைய வேலையிலேயே அடங்கியிருந்தது. தெருவுக்கு வந்த பிறகுதான், முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து ‘இதைத் திற’ என்று கேட்கவேண்டிய நிலைமை அதற்கு வந்தது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2016இல் யுபிஐ வந்து, டீக்கடை முதல் பூக்காரம்மா கூடை வரை கோடு ஒட்டப்பட்ட பிறகு, கோடு என்றாலே பணம் கட்டுவது என்று கண் பழகிவிட்டது. பலர் ஸ்கேன் செய்யத் திறப்பதே பணம் அனுப்பும் செயலியைத்தான். அந்தச் செயலி கோடுக்குள் தேடுவது `upi://pay` என்று தொடங்கும் வரியை. ரிப்போர்ட் கோடுக்குள் இருப்பதோ `https://` என்று தொடங்கும் இணைய முகவரி. செயலி இதை ஏற்காமல் ‘தவறான கோடு’ என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டால், பெரியவர் பில்லை மடித்துப் பையில் வைத்துவிடுவார். நிலையத்துக்காரருக்கு இப்படி ஒருவர் முயன்றதே தெரியப்போவதில்லை, ஏனென்றால் அவருடைய இணையதளத்துக்கு யாரும் வந்து சேரவில்லை.

வரியே இல்லாமல் வெற்றி பெற்ற கோடும் உண்டு. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு இடையே காயின்பேஸ் நிறுவனம் ஒரு நிமிட விளம்பரம் ஒன்று கொடுத்தது. திரையில் வண்ணம் மாறி மாறி ஒரு கோடு மிதந்தது. கடைசி நொடிகள் வரை அது யாருடையது என்றுகூடச் சொல்லவில்லை. வந்த கூட்டத்தில் அவர்களுடைய தளமே சிறிது நேரம் திணறிப்போனது. விளம்பரக்காரர்கள் இதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சோபாவில் சாய்ந்துகொண்டு டிவி பார்க்கிறவருக்கு இருக்கும் ஆர்வம், சர்க்கரை அளவு என்ன வந்திருக்கிறதோ என்ற கவலையோடு பில்லைப் பார்க்கிறவருக்கு இருக்காது. அவருக்குப் புதிர் வேண்டாம்.

சரி, அந்த பில் வரியை எப்படி மாற்றி எழுதுவது? முதலில் பேனாவை எடுக்கவேண்டாம். போனை எடுத்து அந்தக் கோடை நாமே திறந்துபார்க்க வேண்டும். நிலையத்தில் வேலை செய்யாத யாராவது ஒருவருடைய போனாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் திரையில் என்ன வருகிறது என்று அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நம் உதாரண நிலையத்தில் முதல் திரையில் வருவது இணையதளத்தின் முகப்பு. ரிப்போர்ட் பார்க்க மூன்று கோட்டுப் பட்டியலைத் தொட்டு, கீழே இறங்கி, ‘நோயாளிகள் பகுதி’யைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த நிலையில் பில்லில் என்ன வரி எழுதினாலும் அது பொய்யாகிவிடும். ஆகவே முதல் திருத்தம் கோடிலேயே நடக்க வேண்டும். அது நேராக ரிப்போர்ட் பக்கத்துக்குப் போக வேண்டும். வரி நன்றாக அமையாதபோது பெரும்பாலும் குறை வரியில் இருப்பதில்லை, அது கூட்டிக்கொண்டு போகும் பக்கத்தில்தான் இருக்கும்.

ரிப்போர்ட் பக்கம் திறந்தால் என்ன கேட்கிறது? பில் எண்ணை மட்டும் கேட்டால் ஆபத்து. அடுத்த எண்ணைத் தட்டினால் அடுத்தவர் ரிப்போர்ட் வந்துவிடும். அதனால் செல்போனுக்கு ஓடிபி அனுப்புகிறார்கள். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஓடிபி என்றால் பயப்படும்படி வங்கிகள் நம்மைப் பழக்கியிருக்கின்றன, சரியாகத்தான் பழக்கியிருக்கின்றன. இன்னொன்று, பில் போடும்போது பெரியவர் கொடுத்தது பெங்களூரில் இருக்கும் மகனுடைய எண்ணாக இருக்கலாம். ஓடிபி அங்கே போய்விடும், இவர் இங்கே காத்திருப்பார். இந்த இரண்டையும் வரியிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாதித் தடுமாற்றம் குறையும்.

அடுத்தது நேரம். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு மத்தியானம் ஸ்கேன் செய்தால் ‘தயாராகவில்லை’ என்று வரும். ஒருமுறை வெறும் பக்கத்தைப் பார்த்தவர் இரண்டாம் முறை பார்ப்பது அரிது. ஆகவே எத்தனை மணிக்கு மேல் என்று சொல்ல வேண்டும். ஆனால் எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே நேரம் கிடையாது. சர்க்கரை அளவு அன்றே வந்துவிடும். சிறுநீர் கல்ச்சர் என்றால் கிருமி வளர்கிறதா என்று பார்க்கவே இரண்டு மூன்று நாள் ஆகும். ‘மாலை 6 மணிக்கு’ என்று பில் தாளிலேயே மொத்தமாக அச்சடித்து வைத்தால் கல்ச்சர் கொடுத்தவருக்கு அது பொய். பில் போடும் மென்பொருள், பரிசோதனைக்கு ஏற்ப நேரத்தை அச்சடிக்கும்படி செய்ய வேண்டும். அது முடியாதென்றால், நேரத்துக்குக் கோடு விட்டு வைத்து, கவுன்டரில் இருப்பவர் பேனாவால் எழுதிக் கொடுப்பதே மேல்.

இப்போது எழுதலாம்:

“உங்கள் ரிப்போர்ட் இன்று மாலை 6 மணிக்கு மேல் இங்கே கிடைக்கும். போன் கேமராவில் ஸ்கேன் செய்யுங்கள். இந்த பில்லில் உள்ள செல் எண்ணுக்கு ஓடிபி வரும். பணம் கேட்காது.”

பழைய வரியை விட நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கேள்விக்குப் பதில். ‘ரிப்போர்ட்’ என்ற சொல் முன்னால் வந்திருப்பதைக் கவனிக்கலாம். ‘ஸ்கேன் செய்து பெறுங்கள்’ என்று வேலையில் தொடங்குகிற வரிகள் பெரும்பாலும் ஆங்கில அச்சுகளைப் பார்த்து எழுதப்பட்டவை. தமிழில் வினை கடைசியில் வருவதுதான் இயல்பு என்பதால், கிடைக்கப்போவதை முதலில் வைப்பது நமக்குச் சுலபம். ‘அறிக்கை’ என்று எழுதவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கவுன்டரில் எல்லோரும் ‘ரிப்போர்ட் ரெடியா?’ என்றுதான் கேட்கிறார்கள், பில்லிலும் அதுவே இருக்கட்டும். ‘போன் கேமராவில்’ என்பது பணம் கட்டும் செயலியைத் திறப்பவர்களுக்காக. ஐபோனில் 2017 முதல் கேமராவே கோடைப் படிக்கிறது; இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலானவற்றிலும் அப்படித்தான்.

‘பணம் கேட்காது’ என்பதை எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்கக்கூடாது. ஒட்டுக் கோடு மோசடி உலகம் முழுக்க இருக்கிறது. அசல் கோடின் மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிப் பணத்தைத் திருப்பிவிடுவதைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 ஜனவரியில் எச்சரித்தது. இங்கே ‘ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, உங்களுக்குப் பணம் வரும்’ என்று ஏமாற்றுகிறார்கள். பணம் வாங்குவதற்கு பின் போடவே தேவையில்லை. எது கேட்கப்படாது என்று சொல்லிவைத்தால், நாளைக்கு யாராவது கோடை மாற்றி ஒட்டினாலும் பணம் கேட்கும் பக்கத்தைப் பார்த்ததுமே ஆள் உஷாராவார். கோடுக்குக் கீழே இணைய முகவரியையும் சிறிய எழுத்தில் அச்சடித்தால், போனில் தெரிவதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோடு கசங்கிப் படிக்காமல்போனால் கையால் தட்டவும் உதவும்.

இனி அச்சுச் சங்கதி. பில் அடிக்கும் சின்ன தெர்மல் பிரின்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. வரியைப் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும், அதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும். இடம் போதவில்லை என்று எழுத்தைக் கோடோடு ஒட்டி அடித்துவிடக் கூடாது. கோடைச் சுற்றி நாலு பக்கமும் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடவேண்டும் என்பது விதி. அதற்குள் எழுத்து நுழைந்தால் கேமரா தடுமாறும். நல்ல வரி எழுதப்போய்க் கோடே படிக்காமல்போனால் என்ன பயன்?

எழுதிய வரி புரிகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பில்லை வெளியாள் ஒருவரிடம் சில நொடி காட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டு, ‘இதை ஸ்கேன் பண்ணினா என்ன வரும்?’ என்று கேட்பது. ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். ‘ஏதோ டீடெயில்ஸ் வரும்’ என்று பதில் வந்தால் மறுபடி எழுத வேண்டும். ‘ரிப்போர்ட் வரும், சாயங்காலம்’ என்றால் அச்சுக்குக் கொடுக்கலாம்.

எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால், பழைய வரி உள்ள பில்லுக்கும் புதிய வரி உள்ள பில்லுக்கும் வேறு வேறு முகவரி வைக்கலாம். முகவரியின் வாலில் `?v=1`, `?v=2` என்று சேர்த்தால் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஸ்கேன் எத்தனை என்று மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். தெளிவான வரியால் ஸ்கேன் குறையவும் கூடும், ஏனென்றால் நேரமாகவில்லை என்று தெரிந்தவர் வீணாகத் திறக்கமாட்டார். ரிப்போர்ட்டைக் கடைசிவரை திறந்து பார்த்தவர் எத்தனை பேர், ‘ரெடியா?’ என்று கேட்டு வந்த போன்கள் எத்தனை குறைந்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கவுன்டர் கண்ணாடியில் இன்னும் மூன்று கோடுகள் ஒட்டியிருக்கும். பணம் கட்டுகிற கோடின் மேல் ‘கட்டணம் செலுத்த’ என்றும், வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் இருந்தால் போதும். ஸ்கேன் செய்ததும் அதே பெயர் திரையில் வருகிறதா என்று கட்டுபவர் பார்த்துக்கொள்வார். கருத்துச் சொல்லும் கோடில் லாபம் நிலையத்துக்கே, ஆகவே அதை மறைக்காமல், ‘எங்கள் சேவையில் குறை இருந்தால் சொல்லுங்கள், இரண்டே கேள்வி’ என்று எழுதலாம். பக்கத்தில் நிஜமாகவே இரண்டு கேள்விதான் இருக்க வேண்டும். மூன்றாவது, நிலையத்தின் இன்ஸ்டாகிராம் பக்கம். ஸ்கேன் செய்கிறவருக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று எழுத எவ்வளவு யோசித்தாலும் எதுவும் வராது. அந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டு, அந்த இடத்தில் ரிப்போர்ட் வரியைப் பெரிய எழுத்தில் ஒட்டலாம்.