எப்போதாவது வரும் 502: கூட்டாளி நிறுவனத்துக்கு ஒரு கடிதம்

“உங்கள் சர்வர் அவ்வப்போது வேலை செய்வதில்லை, உடனே கவனியுங்கள்.” இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், பெறுபவர் ஒருமுறை முயன்று பார்ப்பார். சரியாக வரும். “எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை” என்று பதில் போடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஓர் இணையக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் விழுந்ததும் அதன் சர்வர் கூரியர் நிறுவனத்தின் சர்வரிடம் பார்சலைப் பதிவு செய்யச் சொல்கிறது. பெரும்பாலும் நடக்கிறது; எப்போதாவது 502 என்ற பிழை திரும்புகிறது. கடையின் பேக்எண்ட் டெவலப்பர் எழுதும் கடிதத்தில், தோற்ற ஒவ்வொரு கோரிக்கைக்கும் இப்படி ஒரு பதிவு இருக்க வேண்டும்:

```
POST /v1/shipments
2025-03-11T09:02:07.418Z
X-Request-Id: 7f3c9a12
502 Bad Gateway (nginx), 6 ms
```

இரண்டாவது வரியில் உள்ளது உலகப் பொது நேரம். நம் கடிகாரத்தில் அப்போது பிற்பகல் 2.32. வெறுமனே “இரண்டரை மணி” என்று எழுதினால் எதிர்முனையில் இருப்பவர் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார். கோரிக்கை எண் இருந்தால், லட்சம் வரிகளுக்கு நடுவிலும் அந்த ஒன்றை எடுத்துவிடலாம். கடவுச்சாவியை மட்டும் மறைத்துவிடுங்கள். அதை அப்படியே ஒட்டி அனுப்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

என் பார்வையில் துப்பு கடைசி வரியில்தான் இருக்கிறது. சர்வர் திணறியிருந்தால் பதிலுக்குக் காத்திருந்து, நேரம் கடந்து, 504 வந்திருக்கும். இங்கே 6 மில்லிவிநாடியில் கதை முடிந்துவிட்டது. பிழைப்பக்கத்தை அனுப்பியதும் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ்தான், பின்னால் உள்ள செயலி அல்ல. அதாவது, இரண்டுக்கும் நடுவே இணைப்பு அறுந்திருக்கிறது.

இன்னும் இரண்டு விவரங்களைச் சேர்த்தால் படம் தெளிவாகும். பிழை POST கோரிக்கைகளில் மட்டுமே வருகிறது. அதுவும் நெரிசலான மாலையில் அல்ல, ஆர்டர் மந்தமான பிற்பகலில்.

இது தெரிந்த நோய். என்ஜின்எக்ஸ் பழைய இணைப்பை மூடாமல் 60 விநாடி வரை வைத்திருந்து மறுபடி பயன்படுத்தப் பார்க்கும். நோட் ஜேஎஸ் செயலியோ, பல பதிப்புகளில், 5 விநாடி சும்மா இருந்தாலே இணைப்பை மூடிவிடும். மூடும் அதே கணத்தில் புதுக் கோரிக்கை வந்தால் 502. GET என்றால் என்ஜின்எக்ஸ் சத்தமில்லாமல் மறுபடி அனுப்பிவிடும். POST-ஐ அப்படி அனுப்பாது, ஒரே பார்சல் இருமுறை பதிவாகிவிடலாம் என்பதால். செயலியின் காத்திருப்பை 65 விநாடியாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்தக் காரணத்தைக் கடிதத்தில் ஐயமாக மட்டும் எழுதலாம். அவர்களுடைய பதிவேட்டைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. அங்கே தேட வேண்டிய வரியையும் குறிப்பிடுங்கள்: `upstream prematurely closed connection`. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: தோற்ற கோரிக்கைகளில் எந்தப் பார்சலாவது உங்கள் பக்கம் பதிவாகியிருக்கிறதா? அதற்குப் பதில் வரும்வரை அவற்றை மறுபடி அனுப்ப வேண்டாம்.