மாதத்துக்கு 9 நாப்கின் போதுமா?

தமிழ்நாட்டின் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் தரும் ‘புது யுகம்’ திட்டம் 2012இல் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 என்பது அதன் அளவு. அதாவது ஒரு மாதவிடாய்க்கு 9 நாப்கின்.

பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவளுக்கு 5 நாள் போகிறது. முதல் இரண்டு நாளும் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் நாளுக்கு 4 வீதம் 8 ஆகிவிடும். மீதி மூன்று நாளுக்கு, நாளுக்கு இரண்டு என்று வைத்தாலும் 6 வேண்டும். மொத்தம் 14. கையில் இருப்பது 9. குறைகிற அந்த ஐந்தை அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்பதில்தான் சுத்தம், செலவு, சௌகரியம் மூன்றும் அடங்கியிருக்கின்றன.

பெரும்பாலும் அவள் செய்வது, ஒரே நாப்கினைக் காலையிலிருந்து மாலைவரை வைத்துக்கொள்வது. இன்றைய நாப்கின்கள் பலவற்றில், ஈரத்தை இழுத்துக் கெட்டிப்படுத்தும் ஜெல் தூள் இருக்கிறது. அதனால் மேல்பரப்பு காய்ந்தாற்போலவே இருக்கும். கறை தெரியவில்லை, நனையவில்லை, அப்புறம் ஏன் மாற்ற வேண்டும் என்று தோன்றும். ஆனால் காற்றுப் பட்ட உதிரத்தில் கிருமி பெருகுவது அதற்காக நின்றுவிடாது. பள்ளிக்குப் பஸ்ஸில் போய் வந்து, வியர்வையோடு பத்து மணி நேரம் அதையே வைத்திருந்தால் தொடை உராய்ந்து சிவக்கும், வாடை வரும், அரிக்கும். ஆக, நாப்கினின் சுத்தம் எந்த கம்பெனி என்பதைவிட, எத்தனை மணிக்கொருமுறை மாற்றுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. நனையாவிட்டாலும் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

அந்த ஐந்து நாப்கினைக் கடையில் வாங்கினால், ஒன்று 7 ரூபாய் என்றாலும் மாதம் 35 ரூபாய். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் ‘சுவிதா’ நாப்கின் ஒன்று ஒரு ரூபாய் என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. பக்கத்தில் அந்தக் கடை இருந்தால் ஐந்து ரூபாயில் முடிந்துவிடும். இலவசம் எதுவும் கிடைக்காமல் பதினான்கையும் கடையில் வாங்கும் பெண்ணுக்கு மாதம் நூறு ரூபாய், வருஷத்துக்கு ஏறக்குறைய 1,200 ரூபாய்.

இன்னொரு வழி, வீட்டில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் துணி. இது தோற்றுப்போன வழி என்று நினைக்க வேண்டியதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 15 முதல் 24 வயதுவரையிலான பெண்களில் 64 சதவீதம் பேர் நாப்கின் என்றும், 50 சதவீதம் பேர் துணி என்றும் சொன்னார்கள். இரண்டையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம் என்றுதான் அர்த்தம்.

பாட்டியின் பழைய நூல் புடவையைக் கிழித்து மடித்த துணி, நன்றாக உறிஞ்சும், உறுத்தாது. கெடுதல் துணியில் இல்லை, அதைக் காயவைக்கும் இடத்தில் இருக்கிறது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று புடவைக்கு அடியிலும், கதவுக்குப் பின்னாலும், குளியலறை மூலையிலும் போட்டுவிடுகிறோம். ஒடிசாப் பெண்களிடம் நடத்திய ஆய்வுகளில், துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்துகிறவர்களுக்கும் கழிப்பறையில் ஒளித்துவைக்கிறவர்களுக்கும் தொற்று கூடுதலாகக் காணப்பட்டது. அரைகுறையாகக் காய்ந்த துணியில் பூஞ்சை பிடிக்கும்.

முறையாகச் செய்ய, முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். எடுத்ததுமே வெந்நீரில் போட்டால் கறை படிந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, அலசும் தண்ணீர் தெளிகிறவரை அலசி, நேர் வெயிலில் மொறமொறவென்று காயவிட வேண்டும். அடைமழைக் காலத்தில் இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போடலாம். முக்கல் வாடை வந்தாலோ, கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ, துணி விறைத்துப் போனாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். எட்டு துண்டு இருந்தால் போதும். செலவு சோப்பு மட்டும்தான். வெயில் படும் கொடி இல்லாத வீட்டுக்கும், பத்துப் பேர் தங்கும் விடுதி அறைக்கும் துணியை நான் சொல்ல மாட்டேன். அங்கே நாப்கினே மேல்.

அதே வீட்டில் அம்மாவின் நிலைமை வேறு. நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போனால் அங்கே கழிப்பறை கிடையாது. மாற்ற மறைவில்லை, மாற்றியதைப் போட இடமும் இல்லை. மாதவிடாய்க் கப் உண்மையில் கைகொடுப்பது இப்படிப்பட்டவர்களுக்குத்தான். ஒரு பெண்ணுக்கு ஒரு மாதவிடாய் முழுவதும் சேர்த்தே சராசரியாக 30, 40 மில்லி லிட்டர் உதிரம்தான் போகிறது. ஒரு கப் 20 முதல் 30 மில்லி பிடிக்கும். காலையில் வைத்துக்கொண்டால், போக்கு மிதமாக இருக்கிறவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்து எடுத்தால் போதும். விலை 300, 400 ரூபாய். ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் உழைக்கும். நான்கு மாத நாப்கின் காசில் முதல் வந்துவிடும்.

பழகத்தான் நாளாகும். 2019இல் ‘லான்செட்’ குழும இதழில் வந்த தொகுப்பாய்வு, கப் மற்றவற்றைவிட அதிகம் கசிவதில்லை என்றும், கை பழகச் சில மாதங்கள் ஆகும் என்றும் சொன்னது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கப்பை இரண்டாக மடித்து, குந்தி உட்கார்ந்து, மேல்நோக்கி அல்லாமல் முதுகுத்தண்டின் அடிப்பக்கம் நோக்கிச் செலுத்த வேண்டும். உள்ளே போனதும் அது விரிய வேண்டும். அடிப்பாகத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். மடிப்புத் தட்டுப்பட்டால் விரியவில்லை, கசியும். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. அடிப்பாகத்தை அமுக்கி, காற்றுப் பிடிப்பை விடுவித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்து வலி கண்டு, இது நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டியவர்கள் பலர். மாதவிடாய்க்கு முன்பும் பின்பும் ஐந்து நிமிஷம் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, காற்றோட்டமுள்ள துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வைக்கக் கூடாது.

காப்பர் டி போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கப் வைக்கக் கூடாது. அதையும் சேர்த்து இழுத்துவிடும் ஆபத்து உண்டு. நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவம் முடிந்த கையோடு காப்பர் டி வைப்பது வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கர்ப்பப்பை இறக்கம் இருப்பவர்களும், அரிப்போடு நாற்றமான வெள்ளைப்படுதல் இருப்பவர்களும் முதலில் சிகிச்சை பெற வேண்டும். கப் வைத்திருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சலும் தலைசுற்றலும் தோலில் தடிப்பும் வந்தால், உடனே அதை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிக அபூர்வம்தான், ஆனால் காத்திருக்கக் கூடாத விஷயம்.

மகளுக்குக் கப் வேண்டுமா என்றால், அதை அவளே சொல்லட்டும். கன்னிச்சவ்வு விரியக்கூடும் என்பது உண்மை. ஓடினாலும் சைக்கிள் மிதித்தாலும்கூட அது நேரலாம். அதை வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளப்பது அறிவீனம். ஆனாலும் பயந்துகொண்டே வைத்தால் தசை இறுகி வலிக்கும். அவளாகக் கேட்கிறவரை பள்ளிக்கு நாப்கின், வீட்டில் வெயிலில் காய்ந்த துணி என்று இருப்பதே நல்லது.

2019இல் கேரளத்தின் ஆலப்புழை நகராட்சி பெண்களுக்குக் கப்களை இலவசமாகக் கொடுத்தது. நம் திட்டத்திலும், பெண்கள் விரும்பினால் நாப்கினுக்குப் பதிலாகக் கப்பை எடுத்துக்கொள்ள வழி வேண்டும். சும்மா கையில் கொடுத்தால் அலமாரியில் கிடக்கும். கிராம சுகாதாரச் செவிலியர் இரண்டு மூன்று மாதம் கூடவே நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கப்பில் இன்னொரு லாபம் உண்டு. பலவற்றில் மில்லி லிட்டர் கோடு போட்டிருப்பதால், எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். மொத்தம் 80 மில்லியைத் தாண்டினால் அது அதிகப்போக்கு. இரத்தசோகைக்குப் பரிசோதிக்க வேண்டும். நாப்கினோ துணியோ வைப்பவர்கள், மணிக்கு ஒன்று என்று தொடர்ந்து நனைந்தால் அதே எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம்.