ஓவர்டைம்தான் முதலில் நிற்கும்

அமெரிக்கப் பொருளாதாரம் எந்த மாதம் சரியத் தொடங்கியது, எந்த மாதம் மீண்டது என்று தேதி குறிப்பது அந்நாட்டு அரசாங்கம் இல்லை. என்.பி.இ.ஆர். என்ற தனியார் ஆய்வு அமைப்பில் உள்ள பொருளாதார அறிஞர் குழு ஒன்று அதைச் செய்கிறது. வளர்ச்சி போய்த் தொடும் மேல்முனையை உச்சம் என்றும், சரிவு போய் நிற்கும் இடத்தை அடிமட்டம் என்றும் குறிக்கிறார்கள். அடிமட்டத்திலிருந்து உச்சம் வரை விரிவு, உச்சத்திலிருந்து அடிமட்டம் வரை சுருக்கம். வணிகச் சுழற்சி என்பது இவ்வளவுதான்.

சிக்கல், இந்தக் குழு நிதானமாகப் பேசும் என்பதில் இருக்கிறது. 2007 டிசம்பரே உச்சம் என்று அவர்கள் அறிவித்தது 2008 டிசம்பர் முதல் தேதி. அதற்குள் லேமன் பிரதர்ஸ் திவாலாகி இரண்டரை மாதம் ஆகிவிட்டது. 2009 ஜூனில் அடிமட்டம் தொட்டதை 2010 செப்டம்பரில்தான் சொன்னார்கள். வரலாறு எழுத இது போதும். ஆள் எடுப்பதா, கடன் வாங்குவதா என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியவருக்கு உதவாது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியுண்டா என்று 1937இல், இன்னொரு சரிவின் நடுவே, அமெரிக்க நிதியமைச்சர் ஹென்றி மார்கெந்தாவ் கேட்டார். வெஸ்லி மிட்செல், ஆர்தர் பர்ன்ஸ் இருவரும் பழைய புள்ளிவிவரங்களை அலசி 21 குறியீடுகளைப் பட்டியலிட்டார்கள். முறை எளிமையானது. ஒவ்வொரு புள்ளிவிவரமும் எந்த மாதம் திரும்பியது, பொருளாதாரம் எந்த மாதம் திரும்பியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பல சுழற்சிகளில் தொடர்ந்து முன்னால் திரும்பினால் முந்தும் குறியீடு, கூடவே திரும்பினால் உடன்செல்லும் குறியீடு, பிறகு திரும்பினால் பிந்தும் குறியீடு.

இந்த மூன்றும் ஏன் வேறுவேறு நேரத்தில் திரும்புகின்றன என்பதை ஒரு தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தால் விளங்கும். ஆர்டர் குறைகிறது. முதலாளி உடனே ஆளைக் குறைக்க மாட்டார். பழகிய ஆளை அனுப்பிவிட்டால், நாளை ஆர்டர் வரும்போது புதியவரை எடுத்துப் பழக்க வேண்டும். அதனால் முதலில் நிற்பது ஓவர்டைம். ஆலைத் தொழிலாளியின் வாராந்திர வேலை நேரம் முந்தும் குறியீடாக இருப்பது இதனால்தான். ஆர்டர் வரவே இல்லை என்றால் பிறகுதான் ஆட்குறைப்பு. அப்போது உற்பத்தியும் சம்பளப் பட்டியலும் சேர்ந்தே சுருங்கும். அவை உடன்செல்பவை.

மீட்சியிலும் இதே வரிசைதான். ஆட்குறைப்பின் வேகம் முதலில் தணியும். வேலையிழந்து புதிதாக உதவித்தொகை கேட்போரின் வாராந்திர எண்ணிக்கை 2009 மார்ச் கடைசியில் ஆறரை லட்சத்தைத் தாண்டி, பிறகு இறங்கத் தொடங்கியது. பொருளாதாரம் அடிமட்டம் தொட அப்போது இன்னும் இரண்டு மூன்று மாதம் இருந்தது.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது பிந்தும் குறியீடுதான். வேலையில்லாதவர்கள் சராசரியாக எத்தனை வாரமாகச் சும்மா இருக்கிறார்கள் என்ற கணக்கு 2009 ஜூனில் சுமார் 24 வாரம். மீட்சி தொடங்கி இரண்டு ஆண்டுக்கு மேலான பிறகு, 2011 கடைசியில், அது சுமார் 40 வாரம்! நிலைமை தேறும்போது இது எப்படி ஏறும்? புதிதாக வேலையிழப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஓரிரு வாரக் கணக்குள்ளவர்கள் வராததால் சராசரியைக் கீழே இழுக்க ஆளில்லை. புதிதாக ஆள் எடுப்பவர்களோ அண்மையில் வேலை விட்டவரையே விரும்புகிறார்கள். ஓராண்டாகக் காத்திருப்பவர் வரிசையில் பின்னுக்கே போகிறார். அவருக்கு மீட்சி என்ற செய்தி கேலியாகத்தான் கேட்டிருக்கும்.

எல்லாப் புள்ளிவிவரமும் ஒரே பெட்டியில் அடங்குவதுமில்லை. வேலையின்மை விகிதத்தைப் பாருங்கள். 2007 மே மாதம் 4.4 சதவீதம் என்ற தாழ்நிலையிலிருந்து அது ஏறத் தொடங்கிவிட்டது, அதாவது உச்சத்துக்கு ஏழு மாதம் முன்பே. ஆனால் அடிமட்டத்துக்குப் பின் நான்கு மாதம் கழித்து, அக்டோபரில்தான் 10 சதவீதத்தைத் தொட்டு நின்றது. போகும்போது முந்தியது, வரும்போது பிந்தியது. செய்தியில் இந்த ஒற்றை எண்ணைக் கேட்டால், சுழற்சியின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

முந்தும் குறியீடுகள் பொய் எச்சரிக்கையும் தரும். பத்து குறியீடுகளைச் சேர்த்து கான்ஃபரன்ஸ் போர்டு வெளியிடும் முந்தும் குறியீட்டெண் 2022இல் இறங்கத் தொடங்கி, 2023 முழுக்கவும் இறங்கியது. சரிவு நிச்சயம் என்றார்கள். வரவில்லை. கட்டுமான அனுமதி, ஆலை ஆர்டர் எனப் பொருள் உற்பத்தியின் பக்கமே அதில் எடை அதிகம். மக்களோ அந்த ஆண்டுகளில் ஓட்டல், பயணம், மருத்துவம் என்று சேவைகளுக்குச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள்.