காலாண்டு வரவைச் சதவீதமாகக் காணுதல்: ஏப்ரலில் தொடங்கும் ஆண்டும் எக்செல் பிவட் டேபிளும்

நடைமுறை மூலதனக் கடன் கோரி வரும் வணிகரிடம் நாங்கள் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, 'ஆண்டு வரவில் எந்தக் காலாண்டில் எத்தனை விழுக்காடு வருகிறது?' என்பதாகும். பருவத்தை ஒட்டி நடக்கும் தொழிலுக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவான கடன் வரம்பு பொருந்துவதில்லை. பருவ காலத்திற்கு உயர்ந்த வரம்பும் ஏனைய மாதங்களுக்குக் குறைந்த வரம்பும் வகுக்க வேண்டியுள்ளது. அதற்கு மேற்கண்ட விழுக்காடு வேண்டும். கணக்கு அறிக்கையை எக்செல் கோப்பாகப் பதிவிறக்கினால், பிவட் டேபிள் மூலம் சில நிமிடங்களில் இதனைப் பெறலாம். ஆயினும் எக்செல் அறிந்த காலாண்டு வேறு, நம் நிதியாண்டின் காலாண்டு வேறு. இவ்வேறுபாட்டைக் கவனியாது விட்டால், கூட்டுத்தொகை சரியாகவே இருக்க, விழுக்காடு மட்டும் தவறாகிவிடும்.

நகரிக்கு அண்மையிலுள்ள விஜயபுரம் பகுதியில் மாங்காய் கொள்முதல் செய்து, மாங்கூழ் ஆலைகளுக்கு அனுப்பும் வணிகர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவரும் அவருடைய தொகைகளும் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை. 2023 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அவரது கணக்கு அறிக்கையில் A பத்தியில் தேதி, B பத்தியில் விவரம், C பத்தியில் வகை, D பத்தியில் வரவு உள்ளன. வகை என்னும் பத்தியை அவரே சேர்த்து, ஒவ்வொரு வரவுக்கும் எதிரே 'விற்பனை', 'கடன்', 'சொந்தக் கணக்கு மாற்றம்' என எழுதி வைத்துள்ளார். கடனாகப் பெற்ற தொகையும் தம் மற்றொரு கணக்கிலிருந்து மாற்றிய தொகையும் விற்பனை வரவில் கலந்துவிடலாகாது என்பதே இதன் நோக்கம்.

தேதி உண்மையில் தேதிதானா?

முதலில் தேதிப் பத்தியைச் சோதிக்க வேண்டும். பதிவிறக்கிய அறிக்கைகளில் தேதி பெரும்பாலும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருக்கும். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருப்பின், எக்செல் மாதத்தை முதலில் எதிர்பார்க்கும். அப்போது 05/06/2024 என்பது ஜூன் 5 ஆகாமல் மே 6 ஆகிவிடும். 13/06/2024 என்பதற்குப் பதின்மூன்றாம் மாதம் இல்லாமையால், அது வெறும் எழுத்தாகவே நின்றுவிடும்.

இதனைக் கண்டறிவது எளிது. எக்செல் தேதியாக ஏற்றவை கட்டத்தின் வலப்பக்கமும், எழுத்தாக நின்றவை இடப்பக்கமும் ஒதுங்கி நிற்கும். எழுத்துத் தேதிகள் கலந்த பத்தியைத் தொகுக்க முயன்றால் Cannot group that selection என்ற செய்தி தோன்றும். அச்செய்தி தோன்றாத இடத்திலும் ஐயத்திற்கு இடமுண்டு. அறிக்கை 2025 மார்ச் 31 உடன் முடிந்திருக்க, பத்தியில் 2025 நவம்பர் தேதி ஒன்று தென்படுமாயின், நாளும் மாதமும் இடம் மாறியுள்ளன என்று அறியலாம்.

பத்தி முழுவதும் எழுத்தாகவே இருந்தால், அதனைத் தெரிவு செய்து Data பட்டியலில் Text to Columns என்பதை அழுத்தி, மூன்றாம் படியில் Date என்பதையும் அதன் அருகே DMY என்பதையும் தேர்ந்து, Finish அழுத்தினால் போதும். சில தேதிகள் ஏற்கெனவே இடம் மாறியிருந்தால் அவற்றைத் தனித்தனியே திருத்த முயலாமல், கணினியின் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு, பதிவிறக்கிய மூலக் கோப்பைப் புதிதாகத் திறப்பதே நன்று.

தொகுத்தலும் விழுக்காடும்

அட்டவணையின் ஏதேனும் ஒரு கட்டத்தில் நின்று Insert, PivotTable என்று தேர்ந்தால் புதிய தாளில் வெற்றுப் பிவட் டேபிள் அமையும். தேதியை Rows பகுதிக்கும், வரவை Values பகுதிக்கும், வகையை Filters பகுதிக்கும் இழுத்து, வகையில் 'விற்பனை' என்பதை மட்டும் தேர்க. பின்னர் தேதி ஒன்றின்மீது வலப்பொத்தானை அழுத்தி Group என்பதைத் திறந்து, Months தெரிவை நீக்கிவிட்டு Quarters என்பதைத் தேர்ந்தால் நாட்கள் யாவும் காலாண்டுகளாகத் திரளும்.

விழுக்காட்டுக்கு, தொகை ஒன்றின்மீது வலப்பொத்தானை அழுத்தி Show Values As என்பதில் % of Column Total என்பதைத் தேர்க. வரவை Values பகுதிக்கு இருமுறை இழுத்து, ஒன்றை ரூபாயாகவும் மற்றொன்றை விழுக்காடாகவும் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. வரவுப் பத்தியில் வெற்றுக் கட்டங்களோ எழுத்தாக நின்ற எண்களோ இருந்தால், எக்செல் தொகையைக் கூட்டாமல் பதிவுகளை எண்ணத் தொடங்கிவிடக்கூடும். அப்போது தலைப்பில் Sum என்பதற்குப் பதிலாக Count என்று இருக்கும். பத்து இலட்சம் வந்த பதிவும் பத்தாயிரம் வந்த பதிவும் அங்கு ஒன்றுக்கொன்று சமம். விழுக்காடு மட்டும் கண்முன் இருந்தால் இப்பிழை புலப்படாது. ரூபாய்த் தொகை அருகிலிருந்தால் உடனே புலப்படும்.

எக்செல் காலாண்டு ஜனவரியில் தொடங்குகிறது

இனி, நம் வணிகரின் அட்டவணையைப் பார்ப்போம். Quarters மட்டும் தேர்ந்தபோது Qtr1 என்பதற்கு 20 விழுக்காடும், Qtr2 என்பதற்கு ஏறத்தாழ 43 விழுக்காடும் கிடைத்தன. Qtr1 என்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று எண்ணி, மாம்பருவத்தின் தொடக்கத்தில் வரவு குறைவு என முடிவு செய்தால் அது முற்றிலும் தவறாகும். எக்செலுக்கு Qtr1 என்பது ஜனவரி முதல் மார்ச் வரை. மேலும், ஆண்டைத் தேராமையால் 2024 மார்ச் காலாண்டும் 2025 மார்ச் காலாண்டும் ஒரே வரியில் சேர்ந்துவிட்டன.

Group பெட்டியில் Years என்பதையும் சேர்த்து, ஆண்டை Columns பகுதிக்கு நகர்த்தினால் குறை தீருமா எனில், தீராது. அப்போது 2023 என்னும் பத்தியில் ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான மூன்று காலாண்டுகளே இருக்கும். அவற்றின் கூட்டே 100 விழுக்காடாகக் கொள்ளப்படும். 2025 என்னும் பத்தியில் மார்ச் காலாண்டு ஒன்றே இருப்பதால், அதற்கு எதிரே 100 விழுக்காடு என்று நிற்கும். முதலாண்டின் ஜூன் காலாண்டு உண்மையில் 40 விழுக்காடு. இங்கோ அது 50 விழுக்காடாகத் தோன்றும்.

எனவே நிதியாண்டையும் அதன் காலாண்டையும் நாமே இரு புதிய பத்திகளில் எழுதிவிட வேண்டும். E பத்திக்கு 'நிதியாண்டு' என்றும் F பத்திக்குக் 'காலாண்டு' என்றும் தலைப்பிட்டு, இரண்டாம் வரியில் முறையே இவற்றை இடுக:

```
=YEAR(EDATE(A2,-3))&"-"&RIGHT(YEAR(EDATE(A2,9)),2)
="கா"&ROUNDUP(MONTH(EDATE(A2,-3))/3,0)
```

தேதியை மூன்று மாதங்கள் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பதே இதன் உட்பொருள். அவ்வாறு தள்ளினால் ஏப்ரல் ஜனவரியாகவும், அடுத்த மார்ச் டிசம்பராகவும் ஆகிவிடுவதால், நிதியாண்டு முழுவதும் ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் அடங்கிவிடுகிறது. 2024 மார்ச் 31 என்பது '2023-24', 'கா4' எனவும், அடுத்த நாள் '2024-25', 'கா1' எனவும் அமைவதைச் சரிபார்த்துக்கொண்டு கடைசி வரி வரை நகலெடுக்க.

பின்னர் புதிய பத்திகளையும் உள்ளடக்கிப் பிவட் டேபிளை மீண்டும் அமைத்து, காலாண்டை Rows பகுதியிலும், நிதியாண்டை Columns பகுதியிலும், வரவை Values பகுதியிலும், வகையை Filters பகுதியிலும் இட்டு, வகையில் 'விற்பனை' என்பதை மட்டும் தேர்க. இப்போது Group தேவையில்லை. % of Column Total தேர்ந்ததும் ஒவ்வொரு நிதியாண்டும் தனித்தனியே 100 ஆகும். நம் வணிகருக்குக் கிடைத்தது இது:

| காலாண்டு | 2023-24 வரவு (இலட்சம்) | விழுக்காடு | 2024-25 வரவு (இலட்சம்) | விழுக்காடு |
|---|---|---|---|---|
| கா1 | 24 | 40 | 36 | 45 |
| கா2 | 18 | 30 | 20 | 25 |
| கா3 | 6 | 10 | 8 | 10 |
| கா4 | 12 | 20 | 16 | 20 |
| மொத்தம் | 60 | 100 | 80 | 100 |

விழுக்காட்டைப் படிக்கும் முறை

முதற்பார்வையில், ஜூன் காலாண்டின் பங்கு 40 இலிருந்து 45 ஆக உயர்ந்து, செப்டம்பர் காலாண்டின் பங்கு 30 இலிருந்து 25 ஆகக் குறைந்துள்ளது. பருவம் முன்கூட்டியே முடிந்துவிட்டது என்று கூறத் தோன்றும். ஆனால் 80 இலட்சத்தில் 5 விழுக்காடு என்பது 4 இலட்சமே. பிவட் டேபிளில் கா1 இன் 36 இலட்சம் என்ற கட்டத்தை இருமுறை சொடுக்கினால், அத்தொகைக்குரிய பதிவுகள் யாவும் தனித் தாளில் விரியும். அதில் 2024 ஜூன் 28 அன்று ஆலை ஒன்றிலிருந்து 4 இலட்சம் வந்திருப்பது தெரிகிறது. அத்தொகை ஜூலை 3 அன்று வந்திருந்தால் விழுக்காடுகள் 40 எனவும் 30 எனவும் முந்தைய ஆண்டைப் போன்றே அமைந்திருக்கும். மாங்காய் வரத்து ஜூன் இறுதியைத் தாண்டியும் நீள்வதால், காலாண்டின் எல்லைக்கோடு பருவத்தின் நடுவே விழுகிறது. சில நாள் முன்பின்னாக வந்த ஒரே தொகை பெரிய மாற்றமாகத் தோற்றமளிப்பது இதனாலேயே. இத்தகைய தொழிலில் கா1, கா2 இரண்டையும் கூட்டிப் பார்ப்பதே பொருந்தும். அக்கூட்டு இரு ஆண்டுகளிலும் 70 விழுக்காடாக மாறாமல் நிற்கிறது.

கணக்கு அறிக்கை காட்டுவது பணம் வந்த நாளையே என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஆலைகள் தாமதமாகத் தொகை செலுத்தினால், ஜூலையில் விற்ற சரக்கின் வரவு கா3 இலோ கா4 இலோ தோன்றக்கூடும். கா4 இல் தோன்றும் 20 விழுக்காட்டில் நிலுவைத் தொகை எவ்வளவு, புதிய விற்பனை எவ்வளவு என்பதை விற்பனைப் பட்டியல்களோடு ஒப்பிட்டே பிரிக்க முடியும்.

இறுதியாக ஒன்று. % of Column Total என்பது கண்முன் உள்ள வரிகளின் கூட்டையே 100 ஆகக் கொள்ளும். வரி வடிகட்டியில் கா3 ஐ மறைத்துவிட்டால், 2024-25 இன் கா1 உடனே 45 இலிருந்து 50 ஆகிவிடும். ஆகவே கிளைக்கு அட்டவணையை அச்சிட்டுக் கொணரும்போது நான்கு காலாண்டுகளும் மொத்தத் தொகையும் அதில் இருக்கட்டும். வகையில் எவை நீக்கப்பட்டன என்பதையும் அடியில் ஒரு வரியாகக் குறித்திடுக. அக்குறிப்பு இருந்தால், எங்கள் பதிவிலுள்ள மொத்த வரவுக்கும் தங்கள் அட்டவணையின் மொத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை அப்போதே ஒப்பிட்டுத் தீர்த்துக்கொள்ள இயலும்.