வரைபடமே கதவுகளை எண்ணித் தரும்

கட்டட வரைபடத்தை மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு கதவையும் டிக் அடித்து எண்ணுவது இன்றும் பல அலுவலகங்களில் நடக்கிறது. வரைபடம் ஆட்டோகேடில் வரையப்பட்டதென்றால் இந்த எண்ணும் வேலையை அதனிடமே விடலாம். ஆனால், அதற்கு வரையும்போதே ஒரு ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

கதவு என்று நாம் பார்ப்பது, கணினிக்கு வெறும் சில கோடுகளும் ஒரு வளைவும்தான். அவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே பொருளாக்கினால் அது ‘பிளாக்’. அந்த பிளாக்கோடு ஒட்டியிருக்கும் விவரச் சீட்டுதான் ‘அட்ரிபியூட்’. கதவை வரைந்ததும் `ATTDEF` கட்டளையால் TYPE, WIDTH, HEIGHT, MATERIAL என்று நான்கு கட்டங்களை உருவாக்கி, பிறகு `BLOCK` கட்டளையால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதன்பின் கதவை எங்கே வைத்தாலும், அதன் வகை, அகலம், உயரம், பொருள் ஆகியவற்றை ஆட்டோகேட் கேட்டு வாங்கிக்கொள்ளும். ‘Invisible’ என்று குறித்துவிட்டால் இந்த எழுத்துகள் படத்தில் தெரியாது. ஆனால் பட்டியலில் வரும்.

பட்டியல் எடுக்கும் கட்டளை `DATAEXTRACTION`. ஆட்டோகேட் 2008 முதல் இது இருக்கிறது. விலை குறைந்த எல்டி பதிப்பில் கிடையாது. எந்த வரைபடம், எந்த பிளாக், எந்த விவரங்கள் என்று படிப்படியாகக் கேட்டு, கடைசியில் எக்செல் கோப்பாகத் தந்துவிடும். ஒரே விவரமுள்ள கதவுகளை ஒரே வரியில் சேர்த்து எண்ணிக்கை போடும் வசதியும் அதில் உண்டு.

நான்கு தளங்கள், தளத்துக்கு இரண்டு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு தலைவாசல் (D1), மூன்று அறைக் கதவுகள் (D2), இரண்டு குளியலறைக் கதவுகள் (D3). எல்லாத் தளங்களும் ஒரே மாதிரி என்பதால் ஒரு தளம் மட்டுமே வரையப்பட்டிருக்கிறது. அதில் 12 கதவுகள் இருக்க வேண்டும். பட்டியல் 15 என்கிறது. D2 இரண்டு வரிகளாகப் பிரிந்தும் நிற்கிறது.

மூன்று கதவுகள் கூடியதற்குக் காரணம், படத்தின் ஓரத்தில் உள்ள குறியீட்டு விளக்கம். D1, D2, D3 எப்படி இருக்கும் என்று காட்ட, அதே பிளாக்கை அங்கேயும் வைத்திருக்கிறார்கள். எது வீட்டுக் கதவு, எது விளக்கக் கதவு என்று கணினிக்குத் தெரியாது. இதைக் கவனிக்காமல் நான்கு தளங்களுக்குப் பெருக்கினால், 48 கதவுகள் வேண்டிய இடத்தில் 60 வந்து இறங்கும். தரவு எங்கிருந்து என்று கேட்கும் பக்கத்தில் ‘Select objects in the current drawing’ என்பதைத் தேர்ந்து, தளப் படத்தை மட்டும் வளைத்துக் காட்டினால் இந்தக் குழப்பம் தீரும்.

D2 பிரிந்ததற்குக் காரணம் எழுத்து. ஐந்து கதவுகளில் ‘Flush’ என்றும் ஒன்றில் ‘Flush door’ என்றும் யாரோ தட்டியிருக்கிறார்கள். நமக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. எக்செல்லில் மட்டும் திருத்தினால் அடுத்த முறை பிழை திரும்ப வரும். எனவே வரைபடத்திலேயே திருத்த வேண்டும்.

சரியான எண்ணிக்கை கிடைத்தபின் எக்செல் வேலைக்கு வருகிறது. D2 வரியில் A3 எண்ணிக்கை (நான்கு தளங்களுக்கும் சேர்த்து 24), C3 அகலம் 900, D3 உயரம் 2100 மில்லிமீட்டர் என்றால், நிலைக்கு வேண்டிய மர நீளம்:

```
=A3*(2*D3+C3)/1000
```

இரண்டு செங்குத்துக் கால்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம் என்ற கணக்கு இது. விடை 122.4 மீட்டர், அதாவது ஏறக்குறைய 402 அடி. கதவுக்கு மூன்று கீல் என்றால் 72 கீல்கள். வெட்டும்போது வீணாகும் மரம் இதில் சேரவில்லை. அதைத் தச்சரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எக்செல் கோப்பு, எடுத்த நேரத்தின் நகல் மட்டுமே. மறுநாள் வரைபடத்தில் ஒரு கதவை நீக்கினாலும் அது அப்படியே இருக்கும். முதல் முறை சேமித்த `.dxe` கோப்பைத் திறந்து மறுபடி எடுத்தால்தான் புதிய கணக்கு வரும். `EXPLODE` கொடுத்து உடைத்த கதவு படத்தில் தெரிந்தாலும், அது பிளாக் இல்லை என்பதால் பட்டியலில் வராது.

ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன், பட்டியலின் மேல் தேதியை எழுதுங்கள். ஏதாவது ஒரு வகைக் கதவை மட்டும் படத்தில் கையால் எண்ணி ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், காரணம் தெரியும்வரை மரக்கடைக்குப் போன் போடாதீர்கள்.