நாற்பது வரி ஃபார்வர்டை இரண்டு வரியாக்குவது

ஒவ்வொரு அக்டோபரிலும் குடும்பக் குழுக்களில் ஓய்வூதியர்களுக்கான உயிர்வாழ் சான்றிதழ் பற்றிய நீளமான ஃபார்வர்ட் சுற்ற ஆரம்பித்துவிடும். மேலே சிவப்பு எமோஜி, நடுவில் விதிகள், கடைசியில் ஒரு லிங்க், "உடனே பத்து பேருக்கு அனுப்பவும்". யாருக்கு அவசியமோ அவர்தான் இதைப் படிப்பதில்லை. நீளமான செய்தியை வாட்ஸ்அப் மடித்துவிடும். எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவருக்குத் திரையில் தெரிவது எமோஜி வரிகள் மட்டும்தான்.

சுருக்குவது என்றால் செய்தி முழுவதையும் சின்னதாக்குவது இல்லை. அந்த ஒரு ஆளுக்குப் பொருந்தாததை எல்லாம் தள்ளுவது. மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்ற 78 வயது பெரியப்பா ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

முதலில், எந்த பென்ஷன் என்று பார்க்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் சான்றிதழ் தர வேண்டும். பி.எஃப். பென்ஷன்காரர்கள் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தரலாம், தந்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். ஃபார்வர்டில் இரண்டும் கலந்தே இருக்கும். பெரியப்பாவுக்கு நவம்பர் விதிதான். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம் என்ற வரியும் அவருக்கு வேண்டாம்.

அடுத்து, பயமுறுத்தும் வரி. "பென்ஷன் ரத்து" என்று போட்டிருப்பார்கள். உண்மையில் சான்றிதழ் வராவிட்டால் பென்ஷன் நிறுத்தி வைக்கப்படும். தந்த பிறகு நிலுவையோடு வரும். ஆகவே அந்த வரியும் போகட்டும். லிங்க்கையும் தெரியாத போன் நம்பரையும் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். ஓய்வூதியர்களைக் குறிவைக்கும் மோசடிக்கு அதுதான் வாசல்.

மிஞ்சியது இவ்வளவுதான்:

"பெரியப்பா, உங்க பென்ஷனுக்கு லைஃப் சர்டிஃபிகேட் நவம்பர் 30க்குள்ள குடுக்கணும்.
ஆதார், பென்ஷன் ஆர்டர், பேங்க் பாஸ்புக், போன் எடுத்து வைங்க. நவம்பர் 3 திங்கள் காலை 10 மணிக்கு நான் வந்து பேங்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன்."

முதல் வரியில் என்ன, எப்போதுக்குள். இரண்டாவதில் அவர் செய்ய வேண்டியது, கூட வருவது யார். "நாளைக்கு", "அடுத்த வாரம்" என்று எழுதாதீர்கள். மூன்று நாள் கழித்துத் திறந்து பார்ப்பவருக்கு அது தப்பான தேதி ஆகிவிடும். குழுவில் போடாமல் அவருக்குத் தனியாக, நீங்களே டைப் செய்து அனுப்புங்கள். ஃபார்வர்ட் அடையாளம் இருந்தாலே பாதிப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நீல டிக் வந்தால் திறந்தார் என்று மட்டும்தான் அர்த்தம். அடுத்த நாள் போனில் "எதெல்லாம் எடுத்து வைக்கணும் பெரியப்பா?" என்று கேளுங்கள். "ஆதார், பாஸ்புக்..." என்று அவரே அடுக்கினால் குறிப்பு வேலை செய்துவிட்டது. "ஏதோ அனுப்பியிருந்தியே" என்றால் இன்னும் நீளம்தான்.