இரண்டு சாவியும் ஒரே பையில்!

பணம் எப்படிப் போயிற்று? ஆடிட்டர் கண்டுபிடிக்கும் விதம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்வராயன் மலையில் விளையும் குச்சிக்கிழங்கை வாங்கி அரைக்கிற ஆலை அது.

வெள்ளிமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் அந்த ஆலைக்கு ஒரு லாரி கிழங்கு அனுப்பினார். அவருக்குச் சேரவேண்டியது 1 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். நாள் பல ஆகியும் பணம் வரவில்லை. ஆலைக்கு வந்து கேட்டார்.

"அனுப்பியாச்சு ஐயா. பாங்கியில் ஏதோ தாமதம். அடுத்த வாரம் வந்துவிடும்" என்றார் கணக்கர்.

ஆலைக் கணக்கில் பணம் போய்விட்டது. விவசாயி கணக்கில் வரவில்லை. நடுவில் பணம் எங்கே போயிற்று?

இரண்டு பேர் ஏன்?

அந்தக் காலத்தில் கம்பெனி "செக்"கில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள். இப்போது கம்ப்யூட்டர் மூலம் பணம் அனுப்பும்போதும் அதே முறைதான். ஒருவர், யாருக்கு எவ்வளவு என்று பதிவு செய்வார். அவருக்கு "மேக்கர்" என்று பெயர். இன்னொருவர் பில்லைப் பார்த்து ஒப்புதல் தருவார். அவர் "செக்கர்". ஒப்புதல் தரும்போது செக்கரின் கைபேசிக்கு ஓ.டி.பி. எண் வரும். அதைப் போட்டால்தான் பணம் நகரும்.

நம்முடைய ஆலையில் மேக்கர், கணக்கர். செக்கர், மானேஜர்.

கிழங்கு அறுவடைக் காலத்தில் மானேஜர் கொள்முதலுக்காக மலைக்குப் போய்விடுவார். அங்கே பல இடங்களில் கைபேசிக்கு "சிக்னல்" கிடைக்காது. "பணம் நிற்கக்கூடாதே" என்று, தமது ரகசியச் சொல்லை ஒரு தாளில் எழுதி, ஓ.டி.பி. வரும் கைபேசியையும் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போனார். டிராயர் சாவி கணக்கரிடம்!

பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தது உண்மை. இரண்டும் ஒரே பையில் இருந்தன.

ஆடிட்டர் வந்தார்

ஆடிட்டர் முதலில் கேட்டது, கணக்குப் புத்தகத்தை அல்ல. "யார் யாருக்கு எந்த அதிகாரம் என்ற பட்டியலைப் பாங்கியிடமிருந்தே வாங்கித் தாருங்கள்" என்றார். ஆலையில் உள்ள பட்டியலை அவர் நம்பவில்லை. வேலையை விட்டுப் போனவர் பெயர் பாங்கியில் இன்னும் இருக்கலாம். இருவர் பெயருக்கும் ஒரே கைபேசி எண் பதிவாகி இருக்கலாம். அப்படி இருந்தால், பெயர் இரண்டானாலும் ஆள் ஒருவர்தான். அந்தப் பட்டியலை டைரக்டர்கள் போட்ட தீர்மானத்தோடு ஒப்பிட்டார். இதில் குற்றம் இல்லை.

அடுத்து, ஒரு மாதத்துப் பதிவேட்டைப் பாங்கியின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்தார். ஒவ்வொரு தொகைக்கும் பதிவு செய்தவர் யார், எந்த நேரம், ஒப்புதல் தந்தவர் யார், எந்த நேரம், எந்த இணைப்பிலிருந்து என்ற விவரம் அதில் இருந்தது. இணைப்பைக் காட்டும் எண்ணுக்கு "ஐ.பி. முகவரி" என்று பெயர்.

ஒரு வரியில் அவர் கண் நின்றது. பதிவு, காலை 11 மணி 42 நிமிடம் 10 வினாடி. ஒப்புதல், 11 மணி 42 நிமிடம் 48 வினாடி. இடைவெளி 38 வினாடி! பில்லையும் எடை மேடைச் சீட்டையும் பார்த்து ஒப்புதல் தர 38 வினாடி போதுமா? இரண்டுக்கும் ஐ.பி. முகவரியும் ஒன்றுதான்.

ஆனால் அதை மட்டும் வைத்து அவர் முடிவு கட்டவில்லை. ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜையில் இருவர் உட்கார்ந்திருந்தாலும் ஐ.பி. முகவரி ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே ஆலை ஜீப்பின் ஓட்டப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அன்று மானேஜர் வெள்ளிமலையில்! அவர் மலையில் இருந்த 3 நாட்களில், அவர் பெயரில் 14 ஒப்புதல்கள் ஆலையிலிருந்தே போயிருந்தன.

14-ல் இரண்டு

பதினான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பன்னிரண்டு சரி. எடைச் சீட்டு, பில், விவசாயியின் பாஸ்புத்தக நகல் எல்லாம் ஒத்துப்போயின.

இரண்டு மட்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்று 1 லட்சத்து 35 ஆயிரம். மற்றொன்று 1 லட்சத்து 20 ஆயிரம். பெயர் விவசாயியின் பெயர். கணக்கு எண்ணோ வேறு! முந்தின நாள்தான் எண் மாற்றப்பட்டிருந்தது. அந்த மாற்றத்துக்கும் மானேஜர் பெயரிலேயே ஒப்புதல்.

பெயர் சரியாக இருந்தும் பணம் எப்படி வேறு ஆளுக்குப் போகும்? நெப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் கணக்கு எண்ணைப் பார்த்தே பணம் சேர்க்கப்படுகிறது. அதனால்தான், அனுப்பும் முன் அந்த எண்ணுக்கு உரியவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-ந் தேதிக்குள் தரவேண்டும் என்று ரிசர்வ் பாங்கி, மற்ற பாங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஆனால் அந்த வசதி பெயரைக் காட்டும். கெட்ட எண்ணத்தோடு அனுப்புகிறவர் கையைப் பிடிக்காது.

மொத்தம் 2 லட்சத்து 55 ஆயிரம். கணக்கர் பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்தார். மானேஜரும்தான்.

கும்பகோணத்தில் நடந்தது

மேலே சொன்னது உதாரணம். இனிச் சொல்வது உண்மையில் நடந்தது.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்கியில், 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் திருடர்கள் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்தார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் "ஸ்விப்ட்" முறையில், துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்குப் பணம் அனுப்பும்படி 3 உத்தரவுகளை அனுப்பினார்கள். தொகை, சுமார் 20 லட்சம் டாலர். அனுப்பிய விவரத்தை அச்சடிக்கும் பிரிண்டரையும் முடக்கி வைத்தார்கள்!

7-ந் தேதி, முந்தின நாள் கணக்கைச் சரிபார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. துபாய்க்கு அனுப்பிய 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது.

திருட்டைக் காட்டிக்கொடுத்தது மறுநாள் கணக்குச் சரிபார்ப்பு. சிறிய ஆலைக்கும் இது பொருந்தும். ஒப்புதல் முறை கதவுப் பூட்டு. தினமும் பாங்கிக் கணக்கை ஆலைக் கணக்கோடு ஒப்பிடுவது இரவுக் காவல். அதைச் செய்பவர் மேக்கராகவோ செக்கராகவோ இருக்கக்கூடாது.

ஆடிட்டர் சொன்ன வழி

"மானேஜர் மலைக்குப் போனால் ஒப்புதல் தர இன்னொருவரை டைரக்டர்கள் தீர்மானம் போட்டு நியமியுங்கள். அவருக்குத் தனி ரகசியச் சொல், தனிக் கைபேசி. அவரும் இல்லையா? பணம் மாலை வரை காத்திருக்கட்டும். கணக்கு எண் மாற்றம் வந்தால், பழைய கைபேசி எண்ணில் விவசாயியையே கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார் ஆடிட்டர்.

கடைசியாக ஒன்றும் சொன்னார். மேக்கரும் செக்கரும் கூடிப் பேசித் திருடினால், இந்த முறை அதைத் தடுக்காது. அப்போது பதிவேட்டில் நேரமும் இடமும் சரியாகவே இருக்கும். அதனால் ஆடிட்டர் வருஷத்துக்குச் சில தடவையாவது விவசாயிகளிடமே நேரில் கேட்கவேண்டும், "பணம் வந்து சேர்ந்ததா?" என்று.

வெள்ளிமலை விவசாயிக்கு ஆலை தன் பணத்திலிருந்து 1 லட்சத்து 35 ஆயிரத்தைக் கொடுத்தது. இந்தத் தடவை மானேஜர், தம் கைபேசியில் தாமே எண்ணைப் போட்டு ஒப்புதல் தந்தார். மேஜை டிராயர் காலியாக இருந்தது.